முழுக்கச் சாவி கொடுங்கள்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு மூன்று முறை படித்தேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். காலமான தந்தையின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச் இப்போது அவரிடம் இருக்கிறது. “பத்துத் தடவைக்கு மேல சாவி கொடுக்காதே, ஸ்பிரிங் அறுந்துடும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தச் சொல்லைத் தட்டாமல்தான் கொடுத்துவந்தேன். போன மாதம் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாம் என்று திருகினேன். இறுகிப்போய், மேலே திரும்பவே மறுத்துவிட்டது. கடையில் காட்டினேன். ‘ஓவர் வைண்டிங் ஆயிடுச்சும்மா’ என்றார்கள். அப்பாவின் வாட்ச்சை நானே கெடுத்துவிட்டேனா?”

கடிதத்தின் கடைசியில் இன்னொரு கவலையும் இருந்தது. அவருடைய மகன் வாங்கிய ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் குமிழ் திருகத் திருகச் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம், எங்கேயும் நிற்பதில்லை. அந்த வாட்ச்சும் வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் நின்று கிடக்கிறது. அதையும் கெடுத்துவிட்டோமோ என்று கேட்கிறார்.

இல்லை அம்மா, இரண்டையும் நீங்கள் கெடுக்கவில்லை. ஒரு வாட்ச்சில் குமிழ் இறுகி நிற்கிறது, மற்றதில் நிற்காமல் சுற்றுகிறது. இரண்டுமே அந்தந்த வாட்ச்சின் இயல்பு. இது பலருக்கும் இருக்கும் பயம் என்பதால், இந்த இதழின் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் ஜனதாவுக்குள் போவோம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அந்தத் தொழில்நுட்பத்தில் வளர்ந்ததுதான் பதினேழு கல் வைத்த ஜனதா. 2016-இல் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகும், நம் வீட்டு அலமாரிகளில் இந்த வாட்ச்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பேட்டரி கிடையாது. கையால் சாவி கொடுத்தால் ஓடும்; கொடுக்காவிட்டால் நிற்கும்.

பின்மூடியைத் திறந்தால் ஓரமாக ஒரு வட்டமான டப்பி தெரியும். மெக்கானிக்குகள் அதை பேரல் என்பார்கள். அதற்குள்தான் மெயின் ஸ்பிரிங் இருக்கிறது. முடியைவிடக் கொஞ்சம் தடித்த, ஒரு சாணுக்கும் மேல் நீளமான எஃகுப் பட்டையைச் சுருட்டி வைத்திருப்பார்கள். பட்டையின் உள்முனை நடுவிலுள்ள தண்டில் மாட்டியிருக்கும். வெளிமுனை டப்பியின் சுவரில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். நாம் குமிழைத் திருகும்போது நடுத்தண்டு சுற்றுகிறது. பட்டை தண்டின்மேல் இறுக்கமாகச் சுற்றிக்கொள்கிறது. அது மறுபடி விரிய முயல்வதுதான் வாட்ச்சை ஓட்டும் விசை. தண்டு பின்னோக்கித் திரும்பிவிடாதபடி ஒரு சின்னத் தாழ் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. சாவி கொடுக்கும்போது கேட்கும் ‘கிர்ர் கிர்ர்’ சத்தம் அந்தத் தாழ் பல்லுக்குப் பல் தாவுவதுதான்.

பட்டை முழுவதும் தண்டைச் சுற்றிக்கொண்டுவிட்டால், இனிச் சுற்றுவதற்கு நீளம் மிச்சமில்லை. குமிழ் நின்றுவிடும். அந்த நிலைக்குப் பெயர் முழுச்சாவி. வாட்ச்சைச் செய்தவர்கள் தினமும் அந்த இடம் வரைக்கும் சாவி கொடுக்கப்படும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். முழுக்கக் கொடுத்துவிட்டு விரலை எடுத்தால் குமிழ் ஒரு மயிரிழை பின்வாங்குவதைக் கவனித்திருப்பீர்களா? அந்தத் தாழை அப்படி அமைத்திருக்கிறார்கள். உச்ச இறுக்கத்திலிருந்து ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் அது பல்லில் உட்காரும்.

அப்படியானால் ‘ஓவர் வைண்டிங்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? வாட்ச் நின்றுபோவதற்கு முக்கியக் காரணம், உள்ளே போட்ட எண்ணெய் காய்ந்து பிசினாவதும் தூசி சேர்வதும். ஸ்பிரிங்கில் விசை இருந்தாலும் அது சக்கரங்களைத் தாண்டி, இருபுறமும் வீசி ஆடும் பேலன்ஸ் சக்கரம் வரைக்கும் போய்ச் சேர்வதில்லை. வாட்ச் நின்றதும் நாம் என்ன செய்கிறோம்? சாவி கொடுக்கிறோம். வாட்ச் ஓடாததால் ஸ்பிரிங் விரியவில்லை. அதனால் சீக்கிரமே இறுகி நின்றுவிடுகிறது. கடைசியாகச் செய்தது சாவி கொடுத்தது, கையில் தெரிந்தது இறுக்கம். பழி சாவியின்மேல் விழுகிறது. கடைக்காரர் மூடியைத் திறந்து தாழைத் தளர்த்தி ஸ்பிரிங்கை இறக்கிவிட்டு, பேலன்ஸை ஒரு தட்டுத் தட்டினால் வாட்ச் கொஞ்ச நாள் ஓடும். ஓவர் வைண்டிங் சரியாகிவிட்டதாக நாமும் நம்புகிறோம். பிசின் உள்ளேயே இருப்பதால் மறுபடி நிற்கும்.

அந்த அப்பாவின் எச்சரிக்கையும் வெறும் கற்பனை இல்லை. அதை நான் மரியாதையோடு சொல்கிறேன். பழைய வாட்ச்களில் இருந்த கார்பன் எஃகு ஸ்பிரிங்குகள் தாமாகவே அறுந்துபோகும். துருப்பிடித்த ஒரு புள்ளி போதும். பெட்டிக்குள் வைத்திருந்த வாட்ச்சில்கூட இரவோடிரவாக அறுந்திருக்கும். முழுக்கச் சாவி கொடுத்த நேரத்தில் அறுந்தவர்களுக்கு அதுதான் காரணம் என்று தோன்றியது இயல்பு. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு துருப்பிடிக்காத கலப்பு உலோக ஸ்பிரிங்குகள் வந்தன, அறுவது அரிதாயிற்று. எச்சரிக்கை மட்டும் தலைமுறை தாண்டி வந்துவிட்டது.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இறுகி நின்ற பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினால், அல்லது இடுக்கி போட்டுத் திருகினால், கொக்கி பிய்ந்துபோகலாம், தாழ் உடையலாம், குமிழின் தண்டு முறியலாம். அது முழுச்சாவியால் வரும் கேடு இல்லை, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காததால் வருவது. சாதாரணமாக இரண்டு விரல் நுனியால் திருகுகிறவருக்கு அந்த இடம் தெளிவாகத் தெரியும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பயந்து பயந்து பத்துத் தடவை மட்டும் கொடுப்பதுதான் வாட்ச்சுக்கு நல்லதில்லை. ஜனதாவின் பேலன்ஸ் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிக்கிறது. ஸ்பிரிங் நன்றாக இறுகியிருக்கும்போது பேலன்ஸ் ஒவ்வொரு பக்கமும் முக்கால் சுற்றுவரை, சுமார் 270 பாகையோ அதற்குச் சற்று மேலோ, வீசி ஆடும். ஸ்பிரிங் தளரத் தளர அந்த வீச்சு குறையும். 200 பாகைக்குக் கீழே போனால் வாட்ச் சின்ன அதிர்ச்சிக்கெல்லாம் தடுமாறும். படுக்க வைத்தால் ஒரு நேரம், நிமிர்த்தி வைத்தால் வேறு நேரம் காட்டும். அரைகுறைச் சாவியில் ஓடும் வாட்ச் நாள் முழுவதும் இந்தத் தளர்ந்த பகுதியிலேயே உழல்கிறது. பிறகு, ‘பழைய வாட்ச், நேரம் சரியாகக் காட்டாது’ என்று அதன்மேல் குறை சொல்கிறோம்.

ஆகவே கைச்சாவி வாட்ச்சுக்கு நான் சொல்லும் வழக்கம் இது. காலையில், கட்டிக்கொள்வதற்கு முன், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், முழுக்கச் சாவி கொடுங்கள். காலை எதற்கென்றால், நாம் நடந்து ஓடிக் கையை வீசும் பகல் நேரத்தில் ஸ்பிரிங் வலுவான நிலையில் இருக்கும். இரவில் மேஜைமேல் அசையாமல் கிடக்கும்போது கொஞ்சம் தளர்ந்தால் பரவாயில்லை. ஒரே நேரம் எதற்கென்றால், ஸ்பிரிங் தினமும் அதே இருபத்துநாலு மணி நேரப் பகுதியில் வேலை செய்யும். வாட்ச் தினம் பத்து நொடி முந்தினாலும் தினமும் அதே பத்து நொடிதான் முந்தும். அப்படி ஒழுங்காகத் தப்பும் வாட்ச்சை மெக்கானிக் சுலபமாகத் திருத்திவிடுவார்.

வாட்ச்சைக் கையிலிருந்து கழற்றிவிட்டுத்தான் சாவி கொடுக்க வேண்டும். கட்டியபடியே கொடுத்தால் மணிக்கட்டு இடைஞ்சலாக இருப்பதால் குமிழைச் சாய்த்து இழுக்கிறோம். மெல்லிய தண்டு வளையும், தண்டு நுழையும் துளையும் தேயும். முகம் மேலே பார்க்க, குமிழ் வலப்பக்கம் இருக்கும்படி பிடித்து, கட்டைவிரல் 12-ஐ நோக்கிப் போகும்படி தள்ளுங்கள். பின்னோக்கி உருட்டினால் ஸ்பிரிங் ஏறாது, கேடும் வராது. உள்ளேயிருக்கும் சாய்ந்த பற்கள் வழுக்கிக்கொடுக்கும். அதனால் விரலை எடுக்காமல் முன்னும் பின்னும் உருட்டியே கொடுக்கலாம். முதல் நாள் எண்ணிக்கொண்டே கொடுத்துப் பாருங்கள். முந்தின நாள் காலை முழுச்சாவி கொடுத்த வாட்ச்சென்றால் பெரும்பாலும் இருபது முப்பது தள்ளலில் நின்றுவிடும். ஒருவர் விரல் ஒரு தள்ளலுக்கு எவ்வளவு சுற்றுகிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். உங்கள் எண் இருபத்தாறு என்று தெரிந்துவிட்டால், மறுநாள் இருபத்துநாலுக்கு மேல் மெதுவாகப் போங்கள். இரண்டு மூன்று நாளில் விரலுக்கே தெரிந்துவிடும்.

இப்போது மகனுடைய வாட்ச்சுக்கு வருவோம். ஆட்டோமேட்டிக் வாட்ச்சிலும் அதே டப்பி, அதே ஸ்பிரிங். கூடுதலாக, பின்பக்கம் அரைவட்டமான ஒரு கனத்த தகடு இருக்கிறது; அதற்கு ரோட்டார் என்று பெயர். கை அசையும்போது அது சுழன்று ஸ்பிரிங்கை ஏற்றுகிறது. ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேய வாட்ச் மெக்கானிக் 1924-இல் தானியங்கிக் கைக்கடிகாரத்துக்கு சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். அவருடைய தகடு முழுவட்டம் சுற்றாது. இரண்டு பக்கமும் சின்ன வில்களில் மோதித் திரும்பும். குமிழ்த் துளை வழியாகத் தூசி போவதைப் பார்த்துச் சலித்தவர் அவர். குமிழையே எடுத்துவிட்டு, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகி முள்ளை நகர்த்தும்படி செய்தார். முழுவட்டமும் சுற்றும் ரோட்டாரோடு ரோலக்ஸ் 1931-இல் வந்தது. இன்றைய ஆட்டோமேட்டிக் வாட்ச்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

இங்கே ஒரு சிக்கலை யோசித்துப் பாருங்கள். கையால் சாவி கொடுக்கிறவர் இறுகியதும் நிறுத்திவிடுவார். ரோட்டாருக்கு நிறுத்தத் தெரியாது. ஸ்பிரிங் நிறைந்த பிறகும் கை ஆடிக்கொண்டேதானே இருக்கும்? அதற்காகத்தான் ஆட்டோமேட்டிக் வாட்ச்சின் டப்பியில் ஸ்பிரிங்கின் வெளிமுனை கொக்கியில் மாட்டப்படுவதில்லை. முனையில் இன்னொரு கெட்டியான பட்டைத் துண்டு இருக்கும். அது தன் விறைப்பாலேயே டப்பிச் சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பிரிங் அளவுக்கு மேல் இறுகினால், சைக்கிள் பிரேக் கட்டை ரிம்மில் உரசி நழுவுவது போல, அந்த முனை சுவரில் வழுக்கி ஒரு படி நகர்ந்து மறுபடி பிடித்துக்கொள்ளும். இப்படி நழுவும் ஸ்பிரிங்குக்கு பட்டேக் பிலிப் நிறுவனத்தின் ஆட்ரியன் பிலிப் 1863-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். கைக்கடிகாரமே பரவாத காலம் அது. இன்றைக்கு ஒவ்வொரு ஆட்டோமேட்டிக் வாட்ச்சும் அந்த யோசனையை நம்பித்தான் ஓடுகிறது.

ஆகவே ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் குமிழ் எங்கேயும் நிற்காமல் சுற்றுவது சரிதான். நிறைந்த பிறகு உள்ளே வழுக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. அதே அறிகுறி ஜனதாவில் தெரிந்தால் கதை வேறு. கைச்சாவி வாட்ச்சில் எவ்வளவு திருகியும் இறுக்கமே வரவில்லை என்றால் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், கொக்கி விட்டிருக்கலாம். குமிழை விட்டதும் அது சரசரவென்று பின்னோக்கிச் சுற்றினால் தாழ் போயிருக்கிறது; மறுபடி திருகாமல் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

மகன் வைத்திருப்பது சீக்கோ 5 என்று எழுதியிருக்கிறார். அந்த வரிசையில் வெகுகாலம் வந்த 7எஸ்26 என்ற எந்திரத்தில் குமிழ் வழியாகச் சாவியே ஏறாது; குமிழ் தேதிக்கும் முள்ளுக்கும் மட்டும்தான். மகனுடையது அந்த எந்திரமென்றால், நூறு தடவை திருகினாலும் ஸ்பிரிங்குக்கு ஒன்றும் போய்ச் சேராது. நின்ற வாட்ச்சை எடுத்து, முகம் மேலே பார்க்கப் படுக்கையாகப் பிடித்து, பக்கவாட்டில் அரை நிமிடம் நிதானமாக ஆட்ட வேண்டும். நொடிமுள் நகரத் தொடங்கியதும் நேரம் வைத்துக் கட்டிக்கொண்டால் போதும். பிறகு வந்த 4ஆர்36 எந்திரம் உள்ள சீக்கோ 5-களில் குமிழாலும் சாவி கொடுக்கலாம்.

திங்கட்கிழமைக் கதைக்குக் கணக்கு எளிது. முழுக்க ஏறிய ஸ்பிரிங் சுமார் 40 மணி நேரம் ஓட்டும். மகன் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கழற்றி வைக்கிறார் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிவாக்கில் நிற்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் நின்று கிடப்பது கோளாறே இல்லை. நாள் முழுவதும் கட்டியிருந்த வாட்ச் மறுநாள் காலையிலேயே நின்றிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கணினி முன்னால் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்காரும் வேலையென்றால் ரோட்டாருக்குப் போதிய ஆட்டம் கிடைக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு அது நடக்கிறது. வயதானவர்களுக்கு ஆட்டோமேட்டிக் வாட்ச் பரிசாகக் கொடுக்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் மெதுவாக நடமாடும் பெரியவர்களுக்குக் கைச்சாவி வாட்ச்தான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

குமிழாலும் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறவர்கள், நின்றுபோனதை எழுப்ப மட்டும் இருபது முப்பது தள்ளல் கொடுத்துவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். தினமும் கொடுக்கத் தேவையில்லை. ரோட்டாரையும் குமிழையும் பிரித்து வைக்கும் சின்னச் சக்கரங்கள் எப்போதாவது கையால் ஏற்றுவதற்காக அமைந்தவை. பல எந்திரங்களில் அவை அன்றாடத் திருகலில் தேயும். ஒரு அறிகுறியைக் கவனியுங்கள். குமிழைத் திருகும்போது பின்னால் ரோட்டாரும் கூடவே விர்ரென்று சுற்றினால் அந்தச் சக்கரங்கள் அழுக்கேறிச் சிக்கிக்கொண்டிருக்கின்றன. அதோடு திருகுவதை நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். வாட்ச்சைப் போட்டு இரவும் பகலும் சுற்றவைக்கும் மின்பெட்டிகள் விற்கிறார்கள். ஒரு வாட்ச் வைத்திருக்கிறவருக்கு அது வேண்டாம். நின்று கிடப்பதால் வாட்ச்சுக்கு ஒன்றும் ஆவதில்லை.

‘அளவுக்கு மேல்’ என்று உண்மையாகவே சொல்லக்கூடிய ஒரு கோளாறு ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறது. நழுவ வேண்டிய ஸ்பிரிங் முனை நழுவ மறுத்தால், அல்லது பொருந்தாத வலுவான ஸ்பிரிங்கை யாராவது மாற்றிப் போட்டிருந்தால், பேலன்ஸ் அளவுக்கு மீறி வீசும். ஏறக்குறைய முழுச்சுற்றே போய், அதிலுள்ள சின்னக் கல் மறுபக்கம் சுற்றிவந்து முட்டித் திரும்பும். அப்போது வாட்ச் ஓட்டமும் நடையுமாகத் துடிக்கும். சில மணி நேரத்திலேயே நிமிடக்கணக்கில் முந்திவிடும். காந்தம் ஏறினாலும் வாட்ச் இப்படி முந்தும்; ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த பர்ஸ் பக்கத்தில் வைத்தால் ஏறும். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. காந்தம் ஏறியது எப்போதும் முந்தும். முட்டுவது ஸ்பிரிங் நிறைந்திருக்கும்போது மட்டும் முந்தும். ஒரு நாள் கழற்றி வைத்து ஸ்பிரிங் தளர்ந்ததும் சரியாக ஓடும். இது டப்பிக்குள் போடும் கிரீஸ் காய்ந்ததாலோ தப்பான கிரீஸ் போட்டதாலோ வருவது. நாம் சாவி கொடுத்ததால் இல்லை.

வாசகிக்குச் சொல்ல இன்னும் ஒன்று மிச்சம். ஜனதாவை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘ஆயில் போட்டுக் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய பிசின்மேல் புது எண்ணெயை விட்டால் இரண்டும் கலந்து இன்னும் சீக்கிரம் கெட்டியாகும். முழுக்கப் பிரித்துக் கழுவி, டப்பியையும் திறந்து ஸ்பிரிங்கைத் துடைத்து, தேய்ந்திருந்தால் மாற்றி, பிறகு எண்ணெய் போடச் சொல்லுங்கள். டப்பியைத் திறப்பீர்களா என்று கேட்டாலே கடைக்காரரின் கை எப்படி என்பது தெரிந்துவிடும். வாட்ச் திரும்பி வந்ததும் ஒரு காலையில் முழுக்கச் சாவி கொடுத்து, மேஜைமேல் படுக்க வைத்து, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் கொடுக்காதீர்கள், தானாக நிற்கட்டும். முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. முதல் நாளே இருபது மணி நேரத்தில் நின்றால், ஸ்பிரிங்கையோ எண்ணெயையோ சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்; குறித்து வைத்த மணிக்கணக்கைக் காட்டி அதே கடையில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்